ஐந்து புள்ளிகள், ஒரு வளைவு: முப்படித் துண்டுகளைப் பொருத்துவதில் அளவுரு செய்யும் வேலை

பேனா பலகையில் இழுத்த ஒரு கோடு கணினிக்கு வரிசையான புள்ளிகளாக வந்து சேர்கிறது. அதை எழுத்துருவிலோ வரைபட மென்பொருளிலோ பயன்படுத்த வேண்டுமானால், அந்தப் புள்ளிகளின் மீது சில முப்படி பெசியர் வளைவுகளைச் சங்கிலியாகக் கோத்தாக வேண்டும். இதற்கு இன்றும் பரவலாகப் புழங்கும் வழி, பிலிப் ஷ்னைடர் 1990-இல் ‘கிராஃபிக்ஸ் ஜெம்ஸ்’ தொகுப்பில் வெளியிட்ட முறை. Paper.js நூலகத்தின் `simplify()` அதிலிருந்து வந்ததுதான்.

முறை இவ்வளவுதான்: ஒரு துண்டை மீச்சிறு வர்க்கத்தால் பொருத்து; பிழை சற்றே அதிகமானால் அளவுருக்களைத் திருத்தி மறுபடி பொருத்து; மிக அதிகமானால் பிழை உச்சத்தில் இருக்கும் புள்ளியில் வெட்டி, இரு பாதிகளுக்கும் இதையே செய். படித்தால் எளிது. எழுதி ஓட்டினால் தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு துண்டுகள் வருகின்றன, சில இடங்களில் வளைவு புடைக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் வளைவைப் பொருத்தும் கணக்கு அல்ல, அளவுருக்களைக் கையாளும் விதம். இதைச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட தரவு

புள்ளிகள் ஐந்து: (0, 0), (11, 54), (39, 84), (72, 97), (100, 100). அலகு பிக்சல். கோடு கீழிருந்து நேர் மேலாகக் கிளம்பி, வலப்பக்கம் வளைந்து, கிடைமட்டமாக முடிகிறது. இவை சும்மா வைத்த எண்கள் அல்ல. கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (0, 0), (0, 90), (70, 100), (100, 100) கொண்ட பெசியர் வளைவில் t = 0, 0.25, 0.5, 0.75, 1 ஆகிய இடங்களை எடுத்து, முழு எண்ணாக்கியவை. ஆகவே சரியான விடை நம் கையில் இருக்கிறது: முனையிலிருந்து பக்கத்துக் கட்டுப்பாட்டுப் புள்ளி வரை நீளும் கைப்பிடிகளில் முதலாவதன் நீளம் 90, இரண்டாவதன் நீளம் 30. பொருத்தும் நிரலுக்கு இது தெரியாது.

முனைத் தொடுதிசைகளைத் தெரிந்தவையாகக் கொள்வோம்: தொடக்கத்தில் t1 = (0, 1), முடிவில் உள்நோக்கி t2 = (−1, 0). வளைவின் இரு முனைகளும் தரவின் முதல், கடைசிப் புள்ளிகளிலேயே நிற்கும். அப்படியானால் வளைவின் வடிவத்தில் தெரியாதவை இரண்டே எண்கள்: கைப்பிடி நீளங்கள் α1, α2.

ஆனால் இன்னொரு வகைத் தெரியாதவையும் உண்டு. நடுவில் உள்ள மூன்று புள்ளிகளும் வளைவில் எந்த அளவுரு மதிப்புக்கு எதிரே நிற்கின்றன என்பது நமக்குத் தெரியாது; மேலே t என்று குறித்த அந்த அளவுருவுக்கு நாம் ஊகிக்கும் மதிப்பை இனி u என்போம். தரவில் x, y மட்டுமே இருக்கின்றன, u இல்லை. ஆக, தெரியாதவை இரண்டு அல்ல, ஐந்து. u மதிப்புகளை ஏதோ ஓர் ஊகத்தில் நிறுத்திவைத்தால் மட்டுமே கணக்கு நேரியல் ஆகி, இரண்டு சமன்பாட்டில் முடிகிறது. இந்த முறையின் வசதியும் தொல்லையும் அந்த ஊகத்திலிருந்துதான் வருகின்றன.

முதல் பொருத்தம்

வழக்கமான ஊகம் நாண் நீளம். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தூரங்கள் 55.11, 41.04, 35.47, 28.16; கூட்டினால் 159.77. தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு புள்ளி வரையிலான தூரத்தை இதனால் வகுத்தால் u = 0.345, 0.602, 0.824 கிடைக்கின்றன. உண்மையான மதிப்புகள் 0.25, 0.5, 0.75. கைப்பிடி 90 அளவுக்கு நீளமாக இருக்கும் முனையில் வளைவு வேகமாக ஓடும். அதே அளவு t-க்கு அதிக தூரம் கடக்கும். நாண் நீளமோ வேகம் எங்கும் ஒன்றே என்று வைத்துக்கொள்கிறது. வித்தியாசம் அங்கிருந்து வருகிறது.

u-வை நிறுத்திவைத்தபின் α1, α2-ஐக் காண்பது சிறு வேலை:

```python
def solve(p, u, t1, t2):
    b0, b1 = (1-u)**3, 3*u*(1-u)**2
    b2, b3 = 3*u*u*(1-u), u**3
    r = p - np.outer(b0+b1, p[0]) - np.outer(b2+b3, p[-1])
    c11, c22 = (b1*b1).sum(), (b2*b2).sum()
    c12 = (b1*b2).sum() * (t1 @ t2)
    x1, x2 = (b1*(r @ t1)).sum(), (b2*(r @ t2)).sum()
    det = c11*c22 - c12*c12
    return (x1*c22 - x2*c12)/det, (c11*x2 - c12*x1)/det
```

நம் எடுத்துக்காட்டில் இரு தொடுதிசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் c12 பூச்சியமாகிறது. எனவே α1 = 17.600 / 0.2850 = 61.7; α2 = 22.221 / 0.3706 = 60.0. உண்மையில் 90, 30 இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய சமமான இரு கைப்பிடிகள் வந்திருக்கின்றன.

பிழையைப் பார்ப்போம். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் u-வில் வளைவு இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரம்: இரண்டாம் புள்ளியில் 2.62, மூன்றாவதில் 1.27, நான்காவதில் 1.80 பிக்சல். பிழை வரம்பு 1 பிக்சல் என்று வைத்திருந்தால், இதைப் பார்த்ததும் நிரல் வெட்டக் கிளம்பிவிடும்.

அந்தப் பிழையில் எவ்வளவு நிஜம்?

நான்காம் புள்ளியை எடுத்துக்கொள்வோம். தரவு (72, 97). u = 0.824-இல் வளைவு இருப்பது (70.26, 96.52). வித்தியாசம் 1.80 பிக்சல். இப்போது அந்த இடத்தில் வளைவு செல்லும் திசையைப் பாருங்கள்: (0.970, 0.242). வித்தியாசத்தை அந்தத் திசையிலும் அதற்குச் செங்குத்தாகவும் பிரித்தால், வளைவின் போக்கில் 1.80, குறுக்கே 0.05. அதாவது புள்ளி வளைவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நாம் அளந்தது வளைவு தவறியதை அல்ல, நம் u தவறியதை.

இரண்டாம் புள்ளியிலும் இதே பிரிப்பு: 2.62-இல் போக்கில் 2.01, குறுக்கே 1.68. மூன்றாம் புள்ளியில் குறுக்குப் பிழை 1.11. எனவே குறுக்குப் பிழையும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அது நிரல் சொல்லும் அளவைவிடக் கணிசமாகக் குறைவு. அதோடு, மீச்சிறு வர்க்கம் போக்கில் உள்ள பொய்ப் பிழையையும் சேர்த்துத்தான் குறைக்கப் பார்க்கிறது. அதைக் குறைப்பதற்காகக் கைப்பிடிகளை இழுத்ததில்தான் குறுக்கே உண்மையான பிழை உண்டானது.

பொருத்தும் நிரல் எழுதுபவர்கள் பிழைதிருத்தும்போது இந்த இரு கூறுகளையும் தனித்தனியே அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. போக்குக் கூறு ஓங்கியிருந்தால் அளவுருவைத் திருத்த வேண்டும். குறுக்குக் கூறு ஓங்கியிருந்து, திருத்தியபின்னும் குறையாவிட்டால் மட்டுமே வெட்ட வேண்டும். மொத்தப் பிழை என்ற ஒற்றை எண் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

அளவுருவைத் திருத்துதல்

திருத்தம் செய்ய நினைப்பது இதுதான்: வளைவை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் வளைவில் அதற்கு மிக அருகில் உள்ள இடத்தின் u-வைக் கண்டுபிடி. அருகில் உள்ள இடத்தில் வித்தியாசம் தொடுதிசைக்குச் செங்குத்தாக நிற்கும். அந்த நிலையை நோக்கி நியூட்டன்-ராப்சன் முறையில் ஓரடி:

```
d  = Q(u) - p
u  = u - (d · Q'(u)) / (Q'(u) · Q'(u) + d · Q''(u))
```

முனைப் புள்ளிகளின் u 0, 1 ஆகவே இருக்கும், அவற்றைத் தொடக்கூடாது. இரண்டாம் புள்ளிக்கு மேலே உள்ள பெருக்கல் 304.9, கீழே உள்ளது 23315. ஆக u 0.0131 குறைந்து 0.332 ஆகிறது. மற்ற இரண்டும் 0.606, 0.835 ஆகின்றன. இந்தப் புதிய மதிப்புகளோடு α-களை மறுபடி கணக்கிட்டு, இன்னொரு முறையும் இதையே செய்தால் இப்படி வருகிறது:

| நிலை | u மதிப்புகள் | α1 | α2 | உச்சப் பிழை (பிக்சல்) |
|---|---|---|---|---|
| நாண் நீளம் | 0.345, 0.602, 0.824 | 61.7 | 60.0 | 2.62 |
| 1-ஆம் திருத்தம் | 0.332, 0.606, 0.835 | 64.0 | 61.7 | 1.13 |
| 2-ஆம் திருத்தம் | 0.327, 0.608, 0.838 | 64.8 | 62.2 | 0.68 |

u மதிப்புகள் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே அசைந்தன. ஆனால் பிழை நான்கில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. முதல் அடியில் பெரிய லாபம், அடுத்ததில் சிறியது. இந்தப் போக்கு பொதுவானது. u-வைப் பிடித்து α-வைத் தேடி, பிறகு α-வைப் பிடித்து u-வைத் தேடும் மாறிமாறி முறை ஒவ்வொரு சுற்றிலும் மீதியில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். நியூட்டன் என்ற பெயரைப் பார்த்து ஒரே பாய்ச்சலில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. அந்த வேகம் u-வைத் தேடும் உள்கணக்குக்கு மட்டுமே உரியது. மேலும் வேகம் வேண்டுமானால் u-க்களையும் α-க்களையும் ஒன்றாக வைத்துக் காஸ்-நியூட்டன் முறையில் தீர்க்கலாம். கையெழுத்துக் கோடுகளுக்கு மாறிமாறி முறையே நான்கைந்து சுற்றில் போதுமானது.

கைப்பிடிகள் ஏன் 90, 30 ஆகவில்லை?

அட்டவணையில் ஒரு விஷயம் உறுத்தும். பிழை குறையக் குறைய α-கள் சரியான விடையை நோக்கிப் போகவில்லை. 62, 60-இல் தொடங்கி 65, 62-க்குப் போய்விட்டன. 90, 30-க்கான அறிகுறியே இல்லை. u மதிப்புகளும் அப்படித்தான், 0.75 ஆக வேண்டிய நான்காவது, 0.824-இலிருந்து இன்னும் மேலேறி 0.838 ஆனது.

நிரலில் தவறு எதுவும் இல்லை. u = 0.25, 0.5, 0.75 என்று கொடுத்துத் தொடங்கினால் α1 = 90.8, α2 = 29.5, உச்சப் பிழை 0.48 என்று உடனே வருகிறது. ஆக இரண்டு தீர்வுகள்: ஒன்றில் கைப்பிடிகள் 91, 30, மற்றதில் 65, 62. இரண்டுமே எல்லாப் புள்ளிகளையும் ஒரு பிக்சலுக்குள் தொடுகின்றன. புள்ளிகளுக்கு இடையிலாவது இரு வளைவுகளும் விலகுமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. மூல வளைவையும், ஒரு திருத்தத்துக்குப் பின் வந்த வளைவையும் ஒப்பிட்டால், y ≈ 27 உயரத்தில் ஒன்று x = 2.4-இலும் மற்றது 2.5-இலும் இருக்கின்றன, முடிவுக்கு அருகே x ≈ 85.6-இல் உயர வித்தியாசம் 0.1-க்கும் குறைவு. சரிபார்த்த இடங்களில் எங்கும் அரைப் பிக்சலுக்கு மேல் விலகவில்லை.

முப்படி வளைவுக்கு இது இயல்பான குணம். ஒரு கைப்பிடி நீண்டு மற்றது சுருங்கினால், வளைவின் மீது u ஓடும் வேகம் பெரிதும் மாறுகிறது. வடிவமோ கொஞ்சமே மாறுகிறது. எனவே பொருத்தத்தால் மீட்கக்கூடியது வடிவம் மட்டுமே. வரைந்தவர் வைத்திருந்த கைப்பிடிகளைத் திரும்பப் பெறலாம் என்று நம்பி, இரு எழுத்துகளின் ஒரே மாதிரியான வளைவுகளில் கைப்பிடிகள் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடுவது வீண். ஒப்பிட வேண்டுமானால் வடிவத்தை, அதாவது தூரத்தையோ பரப்பையோ ஒப்பிடுங்கள்.

சீரான u இங்கே சிறப்பாக வேலை செய்ததைப் பார்த்து, நாண் நீளத்தைக் கைவிட வேண்டாம். புள்ளிகளை நாமே சம t-யில் எடுத்ததால் கிடைத்த பலன் அது. பேனா தயங்கும் இடத்தில் புள்ளிகள் நெருங்கும், ஓடும் இடத்தில் சிதறும்; அந்தத் தரவில் சீரான u மோசமாகத் தவறும். தொடக்க ஊகத்துக்கு நாண் நீளமே பாதுகாப்பானது.

எப்போது வெட்டுவது

இனிச் சங்கிலி. ஷ்னைடரின் முறையில் இரண்டு வரம்புகள் உண்டு. பிழை முதல் வரம்புக்குள் இருந்தால் துண்டு ஏற்கப்படும். அதைத் தாண்டி, இரண்டாம் வரம்புக்குள் இருந்தால் திருத்தம் செய்துபார்க்கப்படும். அதையும் தாண்டினால் வெட்டு. 1990-இன் நிரலில் இரண்டாம் வரம்பு இப்படி இருந்தது:

```c
iterationError = error * error;
```

இதில் ஒரு பொறி இருக்கிறது. `error` என்பது ஏற்கெனவே தூரத்தின் வர்க்கம். பிழை வரம்பு அரைப் பிக்சல் என்றால் `error` 0.25, அதன் வர்க்கம் 0.0625. இரண்டாம் வரம்பு முதல் வரம்பைவிடச் சிறியதாகிவிடுகிறது. ஆகத் திருத்தம் ஒருபோதும் நடக்காது. ஏற்கப்படாத துண்டு ஒவ்வொன்றும் நேரே வெட்டுக்குப் போகும். வரம்பு சரியாக 1 அலகு என்றாலும் இதே கதிதான். அதே படத்தை 1000 அலகு கட்டத்துக்கு விரித்து, வரம்பையும் அதற்கேற்ப 5 அலகாக்கினால் இரண்டாம் வரம்பு 625 ஆகிவிடும். அப்போது ஏறக்குறைய எல்லாத் துண்டுகளுக்கும் திருத்தம் நடக்கும். ஒரே கோடு, ஒரே விகித வரம்பு, ஆனால் அலகு மாறியதற்காகத் துண்டுகளின் எண்ணிக்கை மாறுகிறது. உங்கள் நிரலில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று அறிய இதுவே எளிய சோதனை: தரவையும் வரம்பையும் 100-ஆல் பெருக்கி ஓட்டுங்கள். துண்டுகளின் எண்ணிக்கை மாறக்கூடாது.

பின்னாளில் அந்த வரி `error * 4.0` என்று திருத்தப்பட்டது. தூரக் கணக்கில் சொன்னால், வரம்பைப் போல் இரண்டு மடங்கு வரையிலான பிழைக்குத் திருத்தம் உண்டு. நம் எடுத்துக்காட்டில் வரம்பு 1.5 பிக்சல் என்று வைத்தால் `error` 2.25. முதல் பொருத்தத்தின் வர்க்கப் பிழை 6.88. பழைய வரியின்படி எல்லை 5.06, எனவே வெட்டு. புதிய வரியின்படி எல்லை 9, எனவே திருத்தம்; ஒரே அடியில் வர்க்கப் பிழை 1.27-க்கு இறங்கி, துண்டு ஏற்கப்படுகிறது.

ஆனால் வரம்பு 1 பிக்சலானால், புதிய வரியும் உதவாது. எல்லை 4, பிழை 6.88. இரண்டு திருத்தத்தில் 0.68 பிக்சலுக்கு வந்திருக்க வேண்டிய துண்டு வெட்டப்படுகிறது. ஆகவே வரம்புப் பெருக்கியை மட்டும் நம்பாமல், எந்தத் துண்டையும் வெட்டுமுன் இரண்டு திருத்தமாவது செய்துவிடுவது எங்கள் பரிந்துரை. ஒரு திருத்தத்துக்கு ஆகும் செலவு புள்ளிக்குச் சில பத்துப் பெருக்கல்கள்தாம். தேவையற்ற ஒரு வெட்டு கோப்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும். பத்து மடங்கு தூரப் பிழை காட்டும் துண்டை நேரே வெட்டலாம். அதைத் திருத்தம் காப்பாற்றாது.

வெட்டினால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். உச்சப் பிழை (11, 54)-இல். இடப் பாதியில் (0, 0), (11, 54) என்று இரண்டே புள்ளிகள் மிஞ்சுகின்றன. பொருத்த எதுவும் இல்லாததால், கைப்பிடிகள் இரண்டுக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, 18.4, வைக்கப்படுகிறது. பிழை பூச்சியம் என்று நிரல் மகிழ்ச்சியாக அறிவிக்கும். ஆனால் அந்தப் பூச்சியத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

இதை எண்ணிப் பார்க்கலாம். n புள்ளிகள் கொண்ட துண்டில் நடுப்புள்ளிகள் n − 2. அவை தரும் எண்கள் 2(n − 2). தெரியாதவை ஒவ்வொரு நடுப்புள்ளிக்கும் ஒரு u, அதோடு இரண்டு α, மொத்தம் n. மீதி n − 4. ஐந்து புள்ளிக்கு மீதி ஒன்றே ஒன்று. நான்கும் அதற்குக் குறைவும் இருந்தால் மீதியே இல்லை. அங்கே சிறிய பிழை என்பது பொருத்தத்தின் தரத்தைப் பற்றி எதையும் சொல்லாது. சங்கிலியில் நான்கு புள்ளிக்குக் குறைவான துண்டுகள் நிறைய வந்தால் வளைவு கோட்டை அல்ல, கை நடுக்கத்தைப் பின்தொடர்கிறது. அப்போது வரம்பைத் தளர்த்த வேண்டும், அல்லது அடுத்து சொல்லும் தொடுதிசையைச் சந்தேகிக்க வேண்டும்.

தொடுதிசை

தொடுதிசைகளை இதுவரை தெரிந்தவையாக வைத்துக்கொண்டோம். உண்மையில் அவற்றையும் புள்ளிகளிலிருந்தே ஊகிக்க வேண்டும். மீச்சிறு வர்க்கம் α-களின் நீளத்தை மட்டுமே மாற்றும், திசையை மாற்றாது. எனவே திசையில் புகுந்த தவறு கடைசிவரை நிற்கும். எத்தனை திருத்தம் செய்தாலும் பிழை ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் முனைக்கருகே நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எளிய வழி, முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்குப் போகும் திசை. புள்ளிகள் தள்ளித்தள்ளி இருந்தால் அது நாணின் திசை, தொடுகோட்டின் திசை அல்ல. நம் தரவில் (11, 54) நோக்கிய திசை செங்குத்திலிருந்து 11.5 பாகை சாய்ந்திருக்கிறது. உண்மைத் திசை செங்குத்து. புள்ளிகள் மிக நெருங்கி இருந்தால் எதிர்மாறான தொல்லை: ஒரு பிக்சல் தள்ளி இருக்கும் அண்டைப் புள்ளி எட்டுத் திசைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும், ஆகத் தவறு 22.5 பாகை வரை போகலாம். பத்துப் பிக்சல் தள்ளி உள்ள புள்ளியை எடுத்தால் அரைப் பிக்சல் நடுக்கம் 3 பாகையாகச் சுருங்குகிறது. ஆனால் வளைவு ஆரம் 50 பிக்சல் என்றால், அந்த நாணே தொடுகோட்டிலிருந்து 6 பாகை விலகும்.

இரண்டையும் சமாளிக்க, முனையருகே உள்ள சில புள்ளிகளின் வழியே நாண் நீளத்தை அளவுருவாகக் கொண்ட இருபடி வளைவு ஒன்றைப் பொருத்தி, முனையில் அதன் சரிவை எடுக்கலாம். நம் தரவின் முதல் மூன்று புள்ளிகளுக்கு இதைச் செய்தால் தவறு 11.5 பாகையிலிருந்து 3.9 பாகையாகக் குறைகிறது, எதிர்ப்பக்கம். அடர்ந்த தரவில் ஐந்து முதல் ஏழு புள்ளிகளை மீச்சிறு வர்க்கத்தில் எடுங்கள்.

இணைப்புப் புள்ளியில் இரு பக்கத் துண்டுகளும் ஒரே கோட்டில், எதிரெதிர்த் திசையில் கைப்பிடிகளை வைத்தால் சங்கிலி மடியாமல் செல்லும். நீளங்கள் வேறாக இருக்கலாம். வழக்கமான ஊகம், முந்தைய புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலான திசை. (11, 54)-இல் அது (39, 84), செங்குத்திலிருந்து 24.9 பாகை, மூல வளைவின் திசை 27.3. நடுவில் கிடைக்கும் திசை முனையில் கிடைப்பதைவிடப் பொதுவாக நம்பகமானது, ஏனெனில் இரு பக்கத்திலும் ஆதாரம் இருக்கிறது. ஒரே ஒரு ஆபத்து: பேனா சென்ற வழியே திரும்பினால் முந்தைய புள்ளியும் அடுத்த புள்ளியும் ஒன்றாகிவிடும். திசை பூச்சியமாகி, அலகாக்கும்போது `NaN` பிறந்து, அதன்பின் வரும் எல்லாத் துண்டுகளையும் தின்றுவிடும். திரையில் கோட்டின் பாதி மறைந்து போனால் காரணம் பெரும்பாலும் இதுவே.

உண்மையில் அப்படித் திரும்பும் இடம் ஒரு கூர்முனை. கூர்முனைகளைப் பொருத்தம் தொடங்குமுன்பே கண்டு, தரவை அங்கே வெட்டி, இரு பக்கத்தையும் தனிச் சங்கிலிகளாக நடத்த வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும் முறை முனையை நோக்கிப் பாதி பாதியாகச் சுருங்கிச் சென்று, அங்கே நான்கைந்து நுண் துண்டுகளைக் குவிக்கும். கோட்டில் மற்ற இடங்களில் நீளமான துண்டுகளும் ஓரிடத்தில் மட்டும் கொத்தாகக் குட்டைத் துண்டுகளும் தெரிந்தால் அங்கே கவனிக்கப்படாத கூர்முனை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு முறியும் இடங்கள்

தரவில் அடுத்தடுத்து ஒரே புள்ளி திரும்ப வந்தால் முதலிலேயே நீக்கிவிடுங்கள். பேனா நின்ற இடங்களில் இவை ஏராளமாக வரும்.

`solve` தரும் α எதிர்மறையாகவோ பூச்சியத்தை ஒட்டியோ வந்தால் கைப்பிடி பின்பக்கம் திரும்பும், வளைவில் முடிச்சு விழும். அப்போது இரு α-க்கும் முனைத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை வைப்பது வழக்கம். ‘பூச்சியத்தை ஒட்டி’ என்பதையும் முனைத் தூரத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும், `1e-6 * segLength` போதும். α மிகப் பெரிதாவதையும் பார்க்க வேண்டும். பழைய நிரல் இதைப் பார்ப்பதில்லை. முனைகளை இணைக்கும் கோட்டின் மீது இரு கைப்பிடிகளின் நிழலையும் கூட்டி, அது முனைத் தூரத்தைத் தாண்டினால் கைப்பிடிகள் ஒன்றையொன்று கடந்துவிட்டன என்று கொண்டு அதே மூன்றில் ஒரு பங்குக்குத் திரும்பலாம்.

நியூட்டன் அடியில் கீழே உள்ள கூட்டல் எதிர்மறையானால் அது அருகில் உள்ள இடத்தை அல்ல, தொலைவில் உள்ள இடத்தைத் தேடிப் போகிறது. அந்தப் புள்ளியின் u-வை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் u மதிப்புகள் இன்னும் ஏறுவரிசையில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். வரிசை குலைந்தால் வளைவு தன்னைத்தானே கடந்துபோய்ப் புள்ளிகளைப் பிடிக்கிறது என்று பொருள். மதிப்புகளை அடுக்கிச் சரிசெய்ய முயலாமல் திருத்தத்தை நிறுத்தி வெட்டுவதே சரி.

எல்லாம் முடிந்தபின் இரண்டு வேலைகள் மிஞ்சுகின்றன. ஒன்று, இணைப்பு நீக்கம். வெட்டுகள் மேலிருந்து கீழாகப் போவதால், தொடக்கத்தில் தேவைப்பட்ட ஒரு வெட்டு, அக்கம்பக்கம் வேறு வெட்டுகள் விழுந்தபின் தேவையற்றதாகியிருக்கலாம். கூர்முனை அல்லாத ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கத் துண்டுகளின் புள்ளிகளையும் சேர்த்து ஒரே துண்டாகப் பொருத்திப் பாருங்கள். வரம்புக்குள் வந்தால் இணைப்பை எடுத்துவிடுங்கள். மற்றது, நீளச் சோதனை. பிழை புள்ளிகளில் மட்டுமே அளக்கப்படுகிறது. புள்ளிகளுக்கு நடுவே வளைவு புடைத்தாலும் அந்த எண்ணில் தெரியாது. ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் அதன் புள்ளிகளை இணைக்கும் நாண்களின் கூட்டோடு ஒப்பிடுங்கள். நம் மூல வளைவு, நாண் கூட்டான 159.8-ஐவிட 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நீளமானது. 10 சதவீதம் கூடினால் அந்தத் துண்டில் ஒரு புடைப்போ முடிச்சோ இருக்கும். பெரிதாக்கித் திரையில் பாருங்கள்.